பாப்பா தூங்கும்போது மிக்ஸி போடலாமா? சத்தமுள்ள வீட்டில் பகல் தூக்கம்

நான்கு மாதக் குழந்தை பகலில் மூன்று நான்கு முறை தூங்கும். எல்லாவற்றையும் கூட்டினால் நாலு மணி நேரம் வரும். அந்த நேரம் முழுக்க வீட்டில் சத்தமே கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தால் குக்கர் வைக்க முடியாது, பாத்திரம் கழுவ முடியாது, போனை எடுத்துப் பேச முடியாது, வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திக் கிசுகிசுக்க வேண்டும். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இரண்டு படுக்கையறை வீட்டில் நாங்கள் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தோம். எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும் பகுதியில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குள் கரண்டி சத்தத்துக்குப் பயந்தோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. எரிச்சலும் தூக்கமின்மையும்தான் இருந்தன. கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர். மீட்டிங்கில் பேசினால் பாப்பா எழுந்துவிடுவாள் என்று கீழே பார்க்கிங்கில் காருக்குள் போய் உட்கார்ந்து பேசுவார். இதைப் பற்றி முன்பே யாராவது சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்ததும் குறைந்திருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதங்கள் வேலூரில் அம்மா வீட்டில். அங்கே கூடத்தில்தான் தூளி. பக்கத்தில் டிவி ஓடும், பால்காரர் வருவார், அண்ணன் பிள்ளைகள் ஓடுவார்கள். பாப்பா தூங்கினாள். பெங்களூரு வந்ததும் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். முதல் வாரத்திலேயே தாழ்ப்பாள் சத்தத்துக்கு எழுந்து அழுதாள். உடனே இவளுக்கு லேசான தூக்கம் என்று பட்டம் கட்டியாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வாங்கினோம்: சுவரில் ஒட்டும் கறுப்புப் பஞ்சு ஓடுகள், கனமான திரை, ஒலி எழுப்பும் மெஷின். இதோடு, பகலில் சமைக்க முடியாமல் வெளியே சாப்பாடு வரவழைத்த செலவும் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. பஞ்சு ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வாங்காத வீடு குறைவு. அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிப்பதை அது குறைக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கும் எடை அதற்குக் கிடையாது. வெளியிலிருந்து சத்தம் பெரும்பாலும் வருவது கதவுக்கடியில் இருக்கும் விரலளவு இடைவெளியிலும் ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலும்தான். முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் பட்டையைக் கதவின் அடியில் ஒட்டினால் அந்தப் பஞ்சை விட அதிகமாக வேலை செய்யும். நம் வீட்டு ஹாலில் மொசைக்கும் டைல்ஸும்தான் தரை. எதிரொலிதான் பிரச்சினை என்றால் பழைய ஜமக்காளம் ஒன்றை விரித்தாலே போதும்.

சத்தத்தைப் பற்றிப் பேசும் முன் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் சத்தத்தின் மேல் விழும் பழி உண்மையில் அதனுடையது அல்ல. குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 40 முதல் 60 நிமிடம். அதில் ஒரு பகுதி அசைவுள்ள தூக்கம்: இமைக்குள் கண் உருளும், முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், மூச்சு சீராக இருக்காது. இன்னொரு பகுதி ஆழ்ந்த தூக்கம்: மூச்சு ஒரே சீராகப் போகும், கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும். பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை நேராக அசைவுள்ள தூக்கத்துக்குள்தான் நுழையும், ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக 15, 20 நிமிடம் ஆகும். மடியில் தூங்கிய குழந்தையைக் கீழே போட்டவுடன் விழித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். மூன்று மாதம் தாண்டியதும் சீக்கிரமே ஆழத்துக்குப் போகப் பழகுகிறது. ஒரு சுற்று முடியும் இடத்தில் தூக்கம் மறுபடி மெலிகிறது. அந்த இடத்தில் எந்தச் சத்தமும் இல்லாமலேயே பல குழந்தைகள் விழிப்பார்கள்.

இதை நம்ப வைத்தது ஒரு நோட்டுப் புத்தகம். தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது வீட்டில் என்ன சத்தம் என்று மூன்று பத்தி போட்டு ஒரு வாரம் எழுதினோம். அதைப் பார்த்தபோது பெரும்பாலான விழிப்புகள் தூங்கி 35 நிமிடத்துக்கும் 45 நிமிடத்துக்கும் நடுவில் வந்திருந்தன, அதில் பாதிக்கு மேல் வீட்டில் சத்தமே இல்லை. 'வந்திருந்த மாமா இருமினார், எழுந்துவிட்டாள்' என்று எழுதிய நாளிலும் கடிகாரம் 40 நிமிடத்தைத்தான் காட்டியது. இருமல் பாவம், அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. உங்கள் வீட்டில் யாரையாவது சத்தத்துக்காகத் திட்டும் முன் இந்த மூன்று பத்தி நோட்டை எழுதிப் பாருங்கள். விழிப்பு எப்போதும் ஒரே நிமிடக் கணக்கில் வந்தால் அது சுற்று முடிவு. தூங்கிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு சத்தம் வந்ததும் விழிப்பு என்றால்தான் அது சத்தத்தின் வேலை. தூங்கவே நேரம் எடுத்து, தூங்கினாலும் சட்டென்று எழுந்து அழுதால் அளவுக்கு மீறிக் களைத்துப்போன குழந்தை என்று சந்தேகப்படுங்கள். நான்கு மாதத்தில் இரண்டு தூக்கங்களுக்கு நடுவே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலே போதும். அதைத் தாண்டி விட்டுவிட்டு வீட்டை எவ்வளவு அமைதியாக வைத்தாலும் பயன் இல்லை.

இனி சத்தம். போனில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, பாப்பா இல்லாத நேரத்தில் அவள் படுக்கும் இடத்தில் வைத்து அளந்து பார்த்தோம். போன் மைக் அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும். எல்லாம் சாத்திய அறை 35 பக்கம் நின்றது. மின்விசிறி ஓடினால் 45 ஆனது. ஹாலில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் கதவு திறந்திருந்தும் 50தான். ஹெலிகாப்டர் போனால் அறுபதைத் தாண்டியது. சமையலறையில் எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தபோது எழுபதுக்கு மேல் ஒரு குதி குதித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஹெலிகாப்டர். அதற்குப் பாப்பா எழுவதே இல்லை. தூரத்திலிருந்து மெல்ல ஏறி, தலைக்கு மேலே வந்து, மெல்ல இறங்கிப் போகிறது. தட்டு விழும் சத்தம் ஒரு நொடிக்குள் வந்து போகிறது, கீச்சென்ற கூர்மையும் அதில் உண்டு. குழந்தையை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டும் அல்ல. அதற்கு முந்தைய நொடியில் இருந்த சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும், அந்த வித்தியாசம் எவ்வளவு வேகமாக வந்தது என்பதும்தான். 35 உள்ள அறையில் 65க்கு ஒரு தாழ்ப்பாள் விழுந்தால் முப்பது ஏறுகிறது. 48 உள்ள அறையில் அதே தாழ்ப்பாள் பதினேழுதான் ஏறும். வீட்டை மேலும் மேலும் அமைதியாக்கும்போது நாம் அந்த வித்தியாசத்தைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம். வேலூர் கூடத்தில் தூங்கியவள் முருகேஷ்பாளையாவில் தூங்காததற்குக் காரணமும் இதுவே.

பழக்கம் என்பதும் உண்டு. ஜப்பானில் ஒசாகா விமான நிலையத்தை ஒட்டிய பகுதிக் குழந்தைகளை 1970களில் ஆராய்ந்தார்கள். கர்ப்பத்தின் முற்பகுதியிலிருந்தே அங்கே வசித்த தாய்மாரின் குழந்தைகள் விமானச் சத்தத்தில் பெரும்பாலும் தூங்கின. பிற்பாடு குடிவந்தவர்களின் குழந்தைகள் அதிகமாக விழித்தன. கருவிலேயே ரத்த ஓட்டம், குடல் இரைச்சல், அம்மாவின் குரல் என்று எப்போதும் சத்தம்தான். முழு நிசப்தம்தான் குழந்தைக்குப் புதிது. திரும்பத் திரும்ப வந்து எந்த விளைவும் தராத சத்தத்தைத் தூங்கும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. ஆனால் அதற்குச் சத்தம் அன்றாடம் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருந்தினர் வந்து கூச்சல், மற்ற நாள் நிசப்தம் என்றால் ஒன்றும் பழகாது.

அமைதிக்குப் பழகிவிட்ட குழந்தையை எப்படி மாற்றுவது என்பதுதான் சிக்கல். ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அன்று நாலு தூக்கமும் போய், சாயங்காலம் ஊரே கேட்கும்படி அழுகை. நாங்கள் முதலில் தொட்டது, வீட்டில் எப்போதும் பின்னணியில் இருக்கும் அடித்தளச் சத்தத்தை. காலையின் முதல் தூக்கத்தை எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுலபமாக வரும் தூக்கம். கெட்டுப்போனாலும் நாள் மிச்சம் இருக்கிறது. அறைக் கதவைச் சாத்தாமல் ஒரு கையளவு திறந்து வைப்பது, மின்விசிறி, ஹாலில் சாதாரணக் குரலில் பேச்சு. கிசுகிசுக்கக் கூடாது என்பது முக்கியம். கிசுகிசுப்பில் உள்ள 'ஸ்', 'ஷ்' உரசல்கள் கூர்மையானவை. அதோடு, கிசுகிசுத்துக்கொண்டே இருந்துவிட்டு நடுவில் யாராவது மறந்துபோய் இயல்பாக ஒரு வார்த்தை பேசினால் அதுவே பெரிய குதிப்பு. தூங்க வைக்கும்போதே இந்தச் சத்தங்கள் இருக்க வேண்டும். நிசப்தத்தில் தூங்க வைத்து, தூங்கியபின் சத்தத்தைத் தொடங்குவதுதான் பலரும் செய்வது, அது தலைகீழ். சில நாளில் முதல் தூக்கம் நிலைத்தது. பிறகு மதியத் தூக்கம். சாயங்காலம் வரும் குட்டித் தூக்கத்தைக் கடைசிவரை தொடவில்லை. அந்த நேரத்தில் குழந்தை ஏற்கனவே களைத்திருக்கும், சோதனைக்கு ஏற்ற நேரம் அல்ல.

அடித்தளம் நிலைத்த பிறகு சமையலறை. இங்கேதான் உண்மையான பரீட்சை. மிக்ஸியைப் பற்றி முதலில். அது கருங்கல் மேடையில் நின்று ஓடும்போது சத்தம் காற்றில் மட்டும் வராது, மேடை வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாக அடுத்த அறைக்கும் போகும். எங்கள் வீட்டில் மேடை இருந்த சுவரின் மறுபக்கம்தான் பாப்பாவின் கட்டில். மிக்ஸியை எதிர்ச் சுவர் மேடைக்கு மாற்றி, நான்கு கால்களுக்கும் அடியில் கம்ப்யூட்டர் மவுஸ் பேடை வெட்டி வைத்தபோதே அறையில் அதிர்வு நன்றாகக் குறைந்தது. துண்டை மடித்து அடியில் வைக்காதீர்கள். பெரும்பாலான மிக்ஸிகளுக்குக் காற்றுத் துளை அடியில்தான் இருக்கும், துணி அடைத்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். அடுத்தது அரைக்கும் விதம். சட்னிக்கு நாம் விட்டு விட்டுத்தான் திருகுவோம், வ்ர்ர் நிறுத்து வ்ர்ர் நிறுத்து என்று. ஒவ்வொரு திருகலும் புதிதாக ஒரு குதிப்பு. பகல் தூக்க நேரத்தில் ஒன்றில் வைத்துச் சில நொடி ஓட விட்டு, பிறகு இரண்டுக்கு ஏற்றி, ஒரே தொடர்ச்சியாக முடித்துவிடுவது நல்லது. தேங்காயைச் சில்லாகப் போடாமல் துருவிப் போட்டால் முதல் கடகடப்பு இருக்காது. உலர்ந்த மிளகாய், பருப்பு, பொடி வகை எல்லாம் ஜாடியில் மோதித் தாறுமாறாகச் சத்தம் போடும். அதை அவள் விழித்திருக்கும்போது முடித்துவிடுங்கள். மாவரைக்கும் கிரைண்டர் இதற்கு நேர் எதிர். அரை மணி நேரம் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று சுற்றும். எங்கள் வீட்டில் இட்லிக்கு அரைக்கும் நாளில்தான் பாப்பா அதிகம் தூங்குவாள். நிறுத்தும்போது மட்டும் கவனம், சத்தம் சட்டென்று நின்றாலும் விழிப்பு வரும்.

குக்கரில் பயப்பட வேண்டியது முதல் விசில். அதற்குப் பின் வருபவை அவ்வளவு கெடுதல் இல்லை, பாப்பா ஏற்கனவே அதே சத்தத்தைக் கேட்டிருப்பாள். ஆகவே வழி எளிது: அவளைத் தூங்க வைக்கத் தொடங்கும்போதே அடுப்பில் குக்கரை ஏற்றி, முதல் விசில் அவள் விழித்திருக்கையிலேயே வந்துவிட வேண்டும். வந்ததும் தீயைச் சிம்முக்கு இறக்கிவிட்டு, விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணிச் சமைக்கலாம். சாதத்துக்கு ஐந்தாறு நிமிடம், ஊறவைத்த துவரம்பருப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எங்கள் குக்கருக்குச் சரியாக இருந்தது. உங்கள் அடுப்பின் தீக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடும் குறையும். சிம்மில் மெல்லிய 'உஸ்' மட்டும் வரும். அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது விசிலை விட மோசமான சத்தம். சத்தம் குறையும் என்று ஈரத் துணியை வெயிட்டின் மேல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆவி போகும் வழி அடைபட்டால் குக்கர் வெடிக்கலாம், அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

எப்போது செய்வது என்பதும் கணக்குதான். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை என்றால் தூங்கிப் பத்து நிமிடத்திலிருந்து முப்பது நிமிடம் வரை உள்ள இடைவெளிதான் ஆழம். மிக்ஸி, பாத்திரம் தேய்ப்பது, வாஷிங் மெஷினின் கடைசிச் சுழற்சி எல்லாம் அதற்குள். போய்க் கையைத் தூக்கிப் பாருங்கள், தொப்பென்று விழுந்தால் மிக்ஸியைப் போடலாம். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மிக்ஸி போட்டதும் பாப்பாவின் இரண்டு கையும் விரிந்து உதறும். அது திடுக்கிடும் அனிச்சை, விழிப்பு அல்ல. நாலு முதல் ஆறு மாதத்துக்குள் அது மறைந்துவிடும். கை உதறியதும் ஓடிப்போய்த் தூக்கினால் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பியதாகும். ஒரு நிமிடம் நில்லுங்கள். கண்ணைத் திறக்காமல் முனகினாலும் நில்லுங்கள், அசைவுள்ள தூக்கத்தில் முனகல் சகஜம். கண் திறந்து, தலையைத் திருப்பி, அழுகை ஏறினால்தான் விழிப்பு.

பழகவே பழகாத சத்தங்கள் சில உண்டு, அவற்றைப் பழக்க முயல்வது வீண். காலிங் பெல் முதலிடம். பறவை கத்துவது போன்ற மெட்டு பெல் எங்கள் வீட்டில், அறைக்குள்ளேயே கேட்கும். அதை அணைத்துவிட்டு, டெலிவரி செயலிகளில் 'பெல் அடிக்க வேண்டாம், கதவைத் தட்டவும்' என்று குறிப்பு எழுதி வைத்தோம். மரத் தட்டலின் சத்தம் மழுங்கலானது, அவ்வளவாக எழுப்புவதில்லை. தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் எண்ணெய், பூட்டில் மோதும் இடத்தில் சின்ன ரப்பர் துண்டு. மேசையில் வைத்த போன் வைப்ரேட் ஆனால் மேசையே ட்ரம் ஆகிவிடும், துணியின் மேல் வையுங்கள். டிவியில் செய்தி பரவாயில்லை, ஒரே மாதிரிப் பேச்சு. சீரியலின் திடீர் இடி இசையும் விளம்பரமும்தான் குதிப்பவை. எவர்சில்வரைக் கீழே போடுவதைத் தடுக்க வழி கிடையாது. சிங்க்கில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டோம், அதோடு சரி.

மனிதர்களைப் பழக்குவதுதான் குழந்தையைப் பழக்குவதை விடக் கடினம். அத்தை ஊரிலிருந்து வந்தபோது, "என்னம்மா, பிள்ளை தூங்கறப்ப மிக்ஸி போடறியே, பயந்துக்காதா?" என்றார். "அத்தை, பத்து நிமிஷம் ஆச்சு, கையைத் தூக்கிப் பாருங்க" என்றேன். தூக்கிப் பார்த்தார், தொப்பென்று விழுந்தது. "அட, நெல்லு குத்தற சத்தத்துல உன் வீட்டுக்காரன் தூங்கினவன்தான்" என்று அவரே சமையலறைக்குப் போய்விட்டார். அதன்பின் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு வரும் அக்கா பயந்து பயந்து பாத்திரத்தை ஒவ்வொன்றாக வைப்பார். அரை மணி வேலை ஒன்றேகால் மணி ஆகும், நடுவில் ஒன்று நழுவும். வழக்கம் போலவே தேயுங்கள், மேலிருந்து சிங்க்கில் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னோம். குழந்தையின் காதில் பஞ்சு வைக்கச் சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார். வேண்டாம். பெரிதாகச் சத்தம் குறையாது, உள்ளே போய்விடும் ஆபத்து மட்டும் உண்டு.

வாங்கிய ஒலி மெஷினைத் தூக்கி எறியவில்லை. ஆனால் கட்டிலின் கம்பியில் தொங்கவிடவும் இல்லை. கனடாவின் டொரான்டோவில் 2014-இல் பதினான்கு மெஷின்களைச் சோதித்ததில், முழுச் சத்தத்தில் ஒரு அடி தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின, மூன்று 85-ஐத் தாண்டின. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்கே 85தான் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஆகவே குறைந்தது ஆறரை அடி தள்ளி, கட்டிலில் அளந்தால் 50-ஐத் தொடாத அளவில், தூங்க வைக்க மட்டும் போட்டு, தூங்கியதும் மெல்லக் குறைத்து நிறுத்திவிடுகிறோம். பெங்களூருவில் இன்னொரு சிக்கல், மின்சாரம் போனால் மின்விசிறியும் மெஷினும் சேர்ந்து நிற்கும். நிசப்தமும் புழுக்கமும் ஒன்றாக வந்து பாப்பா எழுந்துவிடுவாள். அதனால்தான் ஒரே ஒரு சத்தத்தை நம்பாமல் வீட்டின் பல சத்தங்களில் பழக்குவது மேல். மின்சாரம் போனாலும் ஹாலில் பேச்சு நிற்காது. இரவுக்கு இதெல்லாம் வேண்டாம். இரவு விளக்கு அணைந்து, வீடு அடங்கிவிடட்டும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் அமைதியும் என்ற வேறுபாடே இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குப் பகல் இரவைக் கற்றுக்கொடுக்கிறது. பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்கப் போட்ட கனத் திரையை நாங்கள் பாதி திறந்து வைத்தோம்.

எல்லை எங்கே என்றும் சொல்ல வேண்டும். மேல் வீட்டில் டைல்ஸ் உடைப்பது, பக்கத்து மனையில் போர்வெல் போடுவது, தீபாவளி வெடி, கல்யாண மண்டப மேளம் எல்லாம் வீட்டுச் சத்தம் அல்ல. அவற்றைத் தாங்கக் குழந்தை பழக வேண்டியதில்லை, நாம் இடம் மாற வேண்டும். எதிர் மனையில் போர்வெல் வண்டி நின்ற நாளில் ஓரத்து அறைக்கு மாறியும் போன் 70 காட்டியது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அல்சூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். தடுப்பூசி போட்ட அன்றும், சளி காய்ச்சல் நேரத்திலும் பயிற்சி கிடையாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். எல்லாம் செய்தும் சில குழந்தைகள் கொஞ்சம் லேசாகத்தான் தூங்குவார்கள். அவர்களுக்கு ஒரு கையளவு திறந்து வைத்த கதவையும் சாத்தி, அடித்தளச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் தூங்குகிறது என்று பெருமைப்படும் வீடுகளில் ஒரு சின்னக் கவனம் தேவை. தூக்கத்தில் அசையாதது ஒன்றையும் காட்டாது; விழித்திருக்கும்போது என்ன செய்கிறது என்பதுதான் காட்டும். பின்னாலிருந்து கை தட்டினால் சின்னக் குழந்தை கண் சிமிட்டும் அல்லது திடுக்கிடும்; ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திருப்பும். இது இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். பிறந்த மருத்துவமனையில் காது பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் பாருங்கள், ஓ.ஏ.இ. அல்லது பெரா என்று எழுதியிருக்கும். செய்யவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இதில் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. ஓ.ஏ.இ. சில நிமிட வேலைதான், வலியில்லை. பால் குடித்துத் தூங்கிய நேரத்தில் கொண்டுபோனால் நல்லது, குழந்தை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவர்களே தூங்க வைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள்.